பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

வங்காளத்து லேக் கார்டன்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது பிள்ளைக்கு வேலை கிடைத்தால், பெண்ணுக்கு வரன் வந்தால், முதல் தொலைபேசி வசந்திக்குத்தான்.

"வசந்தி, பையனுக்கு இருபத்தேழு லட்சம்னு சொல்றா. மாசம் எவ்வளவு வரும்?"

"ரெண்டே கால் லட்சம் மாமி. ஆனா அது கைக்கு வராது. பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ், எல்லாத்தையும் கூட்டித்தான் கம்பெனிக்காரன் பேக்கேஜ்னு சொல்லுவான். அப்புறம் வரி வேற இருக்கு."

"அய்யோ, அவா மாசம் முழுசா வராப்பல பேசினாளே!"

"எல்லாரும் அப்படித்தான் பேசுவா."

காகிதம் வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம். வருடத்துக்கு ஒரு லட்சம் என்றால் மாதத்துக்கு எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று. வருடத்துக்கு ஒரு கோடி என்றால் மாதம் எட்டு லட்சத்து முப்பத்து மூவாயிரம். அவளுக்கு இவை வாய்ப்பாடு. இருபத்தாறு வருடங்களாக ஒரே தேயிலை வர்த்தக நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கு வராமல் எப்படி இருக்கும்?

ஐம்பத்தோரு வயது. நெற்றியில் பொட்டு உண்டு. கணவர் போய் ஒன்பது வருடங்கள் ஆகியும் அதை அவள் விடவில்லை, விடச் சொன்னவர்களையும் அவள் பொருட்படுத்தவில்லை. ஒரே மகள் சுபிக்ஷா ஜாதவ்பூரில் பொறியியல் கடைசி வருடம். அந்தப் படிப்பும் வாடகையும் மின்கட்டணமும் வசந்தியின் ஒரு சம்பளத்தில் ஓடின. வருடத்துக்கு ஐந்து லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். மாதம் நாற்பத்தாறாயிரம்.

இந்த நாற்பத்தாறாயிரத்தைத் தன் கையாலேயே அழிப்போம் என்று அவள் கனவிலும் நினைத்திருப்பாளா?

சென்ற வருடம் அவர்கள் கம்பெனியைச் சிங்கப்பூர்க்காரர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் நல்லவர்கள்தான். புது ஏ.சி. போட்டார்கள், மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. இங்கே சம்பளம் என்றால் வருடத்துக்கு இத்தனை லட்சம், இத்தனை கோடி என்பார்கள். அங்கே மாதச் சம்பளம்தான் பேச்சு. லட்சமும் கிடையாது, கோடியும் கிடையாது, எல்லாம் மில்லியன். பத்து லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன்.

மார்ச் மாதத்தில் ஒரு படிவம் வந்தது. அறுபத்து மூன்று பணியிடங்கள். பெயர் எழுதக் கூடாது, பணியிட எண் மட்டும். எதிரே மாதச் செலவு, இந்திய ரூபாயில், மில்லியன் கணக்கில்.

வசந்தி பழைய பட்டியலை எடுத்தாள். அதில் வருடச் சம்பளம் லட்சத்தில், ஒரு தசமத்தோடு இருந்தது: 5.5, 3.4, 120.0. இருபத்தாறு வருட வழக்கம் அது. அதன் பின்னாலிருந்த முழுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தாள், பத்து லட்சத்தால் வகுத்தாள். தசமத்தை மட்டும் வழக்கம்போல ஒன்றாகவே வைத்துக்கொண்டாள்.

நிதித் தலைவர் வெங்கட்ராமன், சென்னையிலிருந்து நான்கு வருடங்களுக்கு முன் வந்தவர், பட்டியலை மேலிருந்து பார்த்தார். முதல் வரி அவருடையது. வருடத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம், மாதம் பத்து லட்சம், படிவத்தில் 1.0.

"அழகா இருக்கும்மா. ரவுண்டா ஒண்ணு!" என்று சிரித்தார். அடியில் இருந்த கூட்டுத்தொகையை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. "அனுப்பிடுங்க."

கூட்டுத்தொகை சரியாகத்தான் இருக்கும். எக்செல் உள்ளே முழு எண்ணை வைத்துக்கொண்டு கூட்டுகிறது. ஆனால் சிங்கப்பூர் சிஸ்டம் எக்செல் கோப்பை ஏற்காது, வெறும் எழுத்தாகச் சேமித்த சி.எஸ்.வி. கோப்பைத்தான் ஏற்கும். அப்படிச் சேமிக்கும்போது, திரையில் கண்ணுக்குத் தெரிகிற எண் மட்டும்தான் கோப்பில் போகும். உள்ளே இருப்பது போகாது.

இது வசந்திக்குத் தெரியாது.

*

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி. காலை பதினொரு மணிக்கே வெயில் ஜன்னல் கம்பிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போக வேண்டும். வசந்தி சம்பளத்துக்காக முதல் தடவையாகப் புது சிஸ்டத்தைத் திறந்தாள்.

வாசலில் பிமல் நின்றார். கம்பெனி கார் ஓட்டுநர், பத்தொன்பது வருடங்களாக.

"தீதி, சம்பளச் சீட்டு இன்னிக்குக் கொடுத்துடுங்க. பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. பேங்க்ல லோனுக்குக் கேக்கறாங்க." அவர் பேசியது வங்காளி; தீதி என்றால் அக்கா, தா என்றால் அண்ணா. அவளுக்கு அது தமிழைவிடச் சரளம்.

"வாங்க பிமல் தா. இதோ, இப்பவே."

அவருடைய பணியிட எண்ணைத் தட்டினாள். வரி சாம்பல் நிறத்தில் வந்தது. எதிரே இரண்டே சொற்கள்: பணியிடம் மூடப்பட்டது.

மீண்டும் தட்டினாள். அதே சாம்பல். பிமல் குனிந்து திரையைப் பார்த்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். "க்ளோஸ்டு" என்று உதடு அசைந்தது.

"தீதி... என்னைத் தூக்கிட்டாங்களா?"

"இல்லை, இல்லை. ஏதோ கோளாறு. வெளில உக்காருங்கோ."

அவர் வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்க்க வசந்திக்கு மனம் வரவில்லை. ஏதோ தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரி, அஞ்சல் பிரிவு. சாம்பல். அடுத்தது கிடங்கு உதவியாளர். சாம்பல். தேயிலை மாதிரிகளைப் பொட்டலம் கட்டும் ஆறு பெண்கள். ஆறும் சாம்பல். அவள் கடைசி வரிவரை இறங்கி, பிறகு மேலே ஏறினாள். எண்ணினாள். நாற்பது.

நாற்பத்தோராவது வரியின் எண்ணை அவள் படிக்க வேண்டியதே இல்லை. அது அவள் எண்.

தலைக்குள் யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஒரு கடிதம் இல்லை, ஒரு கூட்டம் இல்லை. நேற்று மாலைகூட அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர்களுக்காக வேலை செய்தாளே! இருபத்தாறு வருடங்களை ஒரு சாம்பல் நிறத்தில் முடித்துவிட்டார்களா? சுபிக்ஷாவின் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எழுந்தாள். வெங்கட்ராமன் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

"சார், எங்களை அனுப்பறதா இருந்தா நேர்ல சொல்லியிருக்கலாம்."

"என்னம்மா சொல்றீங்க?"

"நாப்பத்தோரு பேர். என்னையும் சேர்த்து."

அவர் முகம் வெளிறியது. நடிப்பில்லை, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தன் கணினியில் நுழைந்து, மூடப்பட்ட பணியிடங்களின் பட்டியலைத் தேடி எடுத்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதியிட்டது. இருவரும் ஒரே திரையில் குனிந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது: மாதச் செலவு 0.0. ஆள் இல்லாத இடம்.

"ஆள் இல்லையா?" என்றார் வெங்கட்ராமன். "யாரு சொன்னா? பூஜ்யம்னு யாரு கொடுத்தா?"

 வசந்தி தன் இடத்துக்குத் திரும்பி, மார்ச் மாதத்து எக்செல்லைத் திறந்து, தன் வரியில் கர்சரை வைத்தாள். 0.0 என்றுதான் இருந்தது; உள்ளே முழு எண் இருக்கிறதே என்று மார்ச்சில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தசமத்தைக் கூட்டும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினாள். 0.05. இன்னொரு தடவை அழுத்தினாள்.

0.046.

நாற்பத்தாறாயிரம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிமலின் வரி: 0.028. பொட்டலம் கட்டும் பெண்கள்: 0.024. எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், புள்ளிக்குப் பின்னால், அவள் மூடி வைத்த இரண்டு இடங்களில். லட்சத்தில் ஒரு தசமம் என்றால் பத்தாயிரம் ரூபாய். மில்லியனில் ஒரு தசமம் என்றால் ஒரு லட்சம் ரூபாய். ஐம்பதாயிரத்துக்குக் கீழே மாதச் சம்பளம் வாங்குகிற யாருமே அந்தத் தசமத்தில் தெரிய மாட்டார்கள். வருடக் கணக்கில் ஐந்தரை லட்சமாக இருந்தவள், மாதக் கணக்கில், மில்லியனில், ஒன்றுமே இல்லாதவள் ஆகிவிட்டாள்.

ஊருக்கெல்லாம் மாதக் கணக்குச் சொன்னவள். தன்னை ஆளில்லாத இடம் என்று தானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாள்!

பின்னாலேயே வந்து நின்ற வெங்கட்ராமனும் அதைப் பார்த்தார்.

"சார், இது அவா செய்யல. நான் போட்டது."

அவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "இருங்க, இருங்க. பதட்டப்படாதீங்க. அவங்க சிஸ்டம் ரவுண்ட் பண்ணிடுச்சுன்னு எழுதுவோம். நம்ம எக்செல்லுல எண் சரியாத்தானே இருக்கு? டோட்டல் டேலி ஆச்சே!"

"அனுப்பின கோப்புல பூஜ்யம்தானே சார் இருக்கு?"

"அதை யாரு திறந்து பாக்கப் போறா?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்க வேண்டியது. ஒப்புதல் கொடுத்தவர் அவர். ஆனால் கதவின் கண்ணாடி வழியாக வசந்திக்கு ஸ்டூலும் இரண்டு முழங்கால்களும் தெரிந்தன. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

சிங்கப்பூரில் மனிதவளப் பிரிவைப் பார்ப்பவன் சதீஷ். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும்.

"சொல்லுங்க அக்கா. சாப்பிட்டாச்சா?"

அவள் சொன்னாள்.  

"நாப்பத்தோரு பேரா? அக்கா, நான் காலி நாற்காலின்னுல்ல நினைச்சேன்! பழைய கம்பெனி, ரிட்டையர் ஆனவங்க இடத்தையெல்லாம் எடுக்காம வச்சிருக்காங்கன்னு நான்தான் அப்ரூவ் பண்ணேன். பெயர் இல்லையே அக்கா, எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேல தப்பில்லப்பா. இப்ப என்ன செய்யலாம்?"

"ரெண்டு வழி இருக்கு. சிஸ்டம் கோளாறுன்னு போட்டா, டெக்னிக்கல் டீம் பாக்கணும். பத்து வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் சம்பளம் போகாது. தப்பா என்ட்ரி போட்டுட்டோம்னு சொன்னா இன்னிக்கே நான் திறந்துடுவேன். ஆனா தயாரிச்சவங்க, ஒப்புதல் கொடுத்தவங்க, ரெண்டு பேரும் பெயர் போட்டு எழுதணும். ரெண்டு பேர் ஃபைல்லயும் அது ஏறும். எனக்கு ஆறு மணிக்குள்ள வேணும், உங்களுக்கு அது மூணரை மணி."

"முழு ரூபாயில அனுப்பவா?"

"ப்ளீஸ் அக்கா! மில்லியனும் வேணாம், புள்ளியும் வேணாம். முழு ரூபாய். ஒவ்வொரு வரியையும் ஒருத்தர் படிக்க, ஒப்புதல் கொடுக்கறவர் சரிபார்த்து டிக் போடணும். அது ரூல்."

தொலைபேசியை வைத்தபோது மணி ஒன்றேகால். வசந்தி தன் விளக்கத்தை நான்கே வரியில் எழுதினாள். 'தசம இடத்தை நான் தவறாக வைத்தேன். திரையில் தெரிந்த எண் மட்டும் கோப்பில் போகும் என்பதை அறியாமல் அனுப்பினேன்.' கீழே தன் பெயர். அதற்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது.

வெங்கட்ராமன் அந்தக் கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சிஸ்டம் கோளாறுன்னே போட்டா என்னம்மா? பத்து நாள்தானே. நான் வேணா கையிலேருந்து அட்வான்ஸ் மாதிரி..."

"நாப்பத்தோரு பேருக்கா சார்?"

"சரி, முதல்ல வரியெல்லாம் படிங்க. கையெழுத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் படிக்க ஆரம்பித்தாள். வழக்கமாக அவர் பட்டியலை மேலிருந்து ஐந்தாறு வரி பார்ப்பார், கூட்டுத்தொகையைப் பார்ப்பார், அவ்வளவுதான். கீழே இருந்தவர்களை அவர் எப்போதும் வருடக் கணக்கில், லட்சத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"பணியிடம் இருபத்து மூணு. முப்பத்தெட்டாயிரம்."

டிக்.

"முப்பத்தொண்ணு. பிமல் தா. இருபத்தெட்டாயிரம்."

அவர் பேனா நின்றது. "பிமலுக்கு மூணரை லட்சம் பக்கத்துல வருமே?"

"வருஷத்துக்கு மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம் சார். மாசம் இருபத்தெட்டு."

டிக். கொஞ்சம் தாமதமாக.

"நாப்பத்தி நாலு. பொட்டலப் பிரிவு. இருபத்து நாலாயிரம். நாப்பத்தஞ்சு, அதே. நாப்பத்தாறு, அதே."

ஆறு பெண்களும் வந்து போனார்கள். வசந்தி எண்ணை மட்டும் சொல்லவில்லை, பெயரையும் சேர்த்துச் சொன்னாள். படிவத்தில் பெயர் கூடாது. வாயால் சொல்வதை எந்தப் படிவம் தடுக்கும்?

"ஐம்பத்தேழு. துப்புரவு. மாலதி. இருபத்திரண்டாயிரத்து நானூறு."

"இது... மாசத்துக்கா?"

"மாசத்துக்குத்தான் சார்."

"நான் ரெண்டே முக்கால் லட்சம்னு பாத்த ஞாபகம்."

"ரெண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து எண்ணூறு. பன்னெண்டால வகுத்தா இதுதான். இதுலயும் பி.எஃப். போகும்."

வெங்கட்ராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கழற்றிய பிறகு அவர் முகத்தில் பத்து வயது கூடியிருந்தது. நிதித் தலைவர்! இந்தக் கம்பெனியின் ஒவ்வொரு ரூபாயும் அவர் கையெழுத்தில் போகிறது. ஆனாலும் லட்சம் என்ற சொல்லின் மிடுக்கில் இருபத்திரண்டாயிரம் அவர் கண்ணில் பட்டதே இல்லை.   வசந்தி அடுத்த வரியைப் படித்தாள். அதற்கடுத்ததையும்.

கடைசியாக ஒரு வரி மிச்சம்.  சொந்தச் சம்பளத்தை உரக்கச் சொல்ல அவளால் முடியவில்லை.

"பத்தொம்பது," என்றார் வெங்கட்ராமன், திரையைப் பார்த்துத் தானே. "சம்பளப் பிரிவு. வசந்தி. நாப்பத்தாறாயிரம்." டிக் போட்டார். பிறகு அதே பேனாவால், காலியாக இருந்த கோட்டில் கையெழுத்திட்டார். தேதியும் போட்டார்.

"ஜூன்ல என்ன ஆகுமோ ஆகட்டும்," என்றார். "அனுப்புங்கம்மா. புள்ளி ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு."

"இல்ல சார். சேமிச்ச கோப்பையே திறந்து பாத்துட்டேன்."

இரண்டு ஐம்பதுக்குக் கோப்பு போனது. மூன்று மணி ஆயிற்று. மூன்று ஐந்து. திரை அசையவில்லை. பணியிடம் மூடப்பட்டது, பணியிடம் மூடப்பட்டது என்று நாற்பத்தொரு தடவை அது அவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வெங்கட்ராமன் தன் அறைக்குப் போகாமல் அவளுடைய மேசைக்கு எதிரிலேயே நின்றார்.

மூன்று பதினெட்டுக்கு முதல் வரி வெளுத்தது. பிறகு மளமளவென்று மற்றவை. அவள் எண்ணினாள், விரலைத் திரையில் வைத்து, சின்னக் குழந்தைபோல. முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை நேரம் எங்கே இருந்ததோ, சத்தமில்லாமல் புடவைத் தலைப்பை நனைத்தது.

மூன்று ஐம்பதுக்கு வங்கிக் கோப்பு போயிற்று. பிமலின் சீட்டை அச்செடுத்து வெளியே கொண்டுபோனாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கீழே இருந்த தொகையை முதலில் படித்தார்.

"பயந்துட்டேன் தீதி. வீட்டுக்குப் போன்கூடப் பண்ணல. என்னன்னு சொல்றது?"

"என் தப்பு பிமல் தா. நான்தான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன்."

அவர் நம்பவில்லை. "நீங்களா? சும்மா இருங்க தீதி," என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கார் சாவியைத் தேடினார்.

அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. ஒன்று வெங்கட்ராமனுக்கு, ஒன்று வசந்திக்கு. ஊழியர் கோப்புகளைப் பராமரிப்பதும் அவள் வேலைதான். வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருடங்களில் அவளுடைய கோப்பில் அப்படி ஒரு தாள் ஏறியதே இல்லை. துளை போட்டாள், கயிற்றில் கோத்தாள், பக்க எண் இட்டாள், அலமாரியில் அதன் இடத்தில் திருப்பி வைத்தாள்.